கண்ணியம் என்ற கருத்தாக்கத்தைப் பகுத்து எழுதுவது: எட்டுப் படிகளும் அவை சறுக்கும் இடங்களும்

எம்.எஸ்சி. நர்சிங்கில் கருத்தாக்கப் பகுப்பாய்வு அசைன்மென்ட் என்றதும் பலர் விரும்பி எடுக்கும் தலைப்பு நோயாளியின் கண்ணியம். வார்டில் தினமும் கண்ணில் படும் விஷயம், கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை, அதனால் எளிது என்று தோன்றும். எழுதி முடித்த தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வேறு வேறு வேஷத்தில் நிற்கும்: கண்ணியம் என்றால் மரியாதை, மரியாதை கொடுத்தால் கண்ணியம் வரும், கண்ணியம் இருந்தால் மரியாதை கிடைக்கும். எட்டுப் படிகளும் நிரம்பியிருக்கும், பகுப்பாய்வு நடந்திருக்காது.

இந்த எட்டுப் படிகள் லோரெய்ன் வாக்கரும் கே அவான்ட்டும் 1983-இல் வெளியிட்ட நர்சிங் கோட்பாட்டு நூலிலிருந்து வருகின்றன. தத்துவ ஆசிரியர் ஜான் வில்சன் 1963-இல் முன்வைத்த பதினோரு படிகளை அவர்கள் எட்டாகச் சுருக்கினார்கள். கருத்தாக்கத்தைத் தேர்வது, நோக்கத்தைத் தீர்மானிப்பது, அந்தச் சொல் எங்கெல்லாம் எப்படியெல்லாம் பயன்படுகிறது என்று திரட்டுவது, வரையறுக்கும் பண்புகளைக் கண்டறிவது, மாதிரி நிகழ்வை எழுதுவது, பிற நிகழ்வுகளை எழுதுவது, முன்நிலைகளையும் விளைவுகளையும் பிரிப்பது, கடைசியாக நேரில் பார்த்து அறியக்கூடிய குறிகளைச் சொல்வது. இதில் கட்டுரையின் உயிர் நான்காம் படி. மற்றவை அதற்குத் தீனி போடுகின்றன, அல்லது அதைச் சோதிக்கின்றன. வரிசையாக ஒரே மூச்சில் எழுதி முடிக்கவும் முடியாது. ஆறாம் படியில் ஒரு நிகழ்வு இடறினால் நான்காம் படிக்குத் திரும்பி வந்து பண்பைத் திருத்தித்தான் ஆக வேண்டும். முறையை வகுத்தவர்களே அப்படி முன்பின் போவதை எதிர்பார்க்கிறார்கள்.

எந்தக் கண்ணியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் தலைப்புக்கே உரிய பொறி ஒன்று முதல் படியிலேயே காத்திருக்கிறது. கண்ணியம் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று, மனிதனாகப் பிறந்த காரணத்தாலேயே ஒருவருக்கு உரியது. 1785-இல் காண்ட் விலைக்கும் கண்ணியத்துக்கும் கோடு போட்டது இதற்காகத்தான்: விலை உள்ள பொருளுக்கு மாற்று வைக்கலாம், கண்ணியம் உள்ளதற்கு மாற்றே கிடையாது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் முதல் உறுப்பிலேயே சொல்வதும் இதைத்தான். இன்னொன்று, பிறர் நடத்தும் விதத்தில் காக்கப்படவோ சிதையவோ கூடிய கண்ணியம். 2004-இல் லெனார்ட் நோர்டன்ஃபெல்ட் செய்த பிரிவு இந்த இடத்தில் கைகொடுக்கும். தகுதியாலும் பதவியாலும் வருவது, ஒழுக்கத்தால் வருவது, தன் அடையாளத்தோடு ஒட்டியது, மனிதராக இருப்பதாலேயே உரியது என்று அவர் நான்காகப் பிரித்தார்.

அசைன்மென்டில் எதை எடுப்பது? பிறவியிலேயே உரிய கண்ணியத்தை எடுத்தால் ஆறாம் படியில் சுவரில் முட்டுவீர்கள். அது யாராலும் பறிக்க முடியாதது. அப்படியானால் கண்ணியம் இல்லாத எதிர்நிகழ்வை எப்படி எழுதுவீர்கள்? முன்நிலை என்று எதைச் சொல்வீர்கள்? பிறந்தாலே போதுமே. ஆகவே பகுப்பாய்வுக்கு ஏற்றது இரண்டாவது, பராமரிப்பின்போது காக்கப்படும் அல்லது சிதையும் கண்ணியம். முதலாவதை விட்டுவிட வேண்டியதில்லை. அது ஏற்றுக்கொண்ட அடிப்படை, இந்தக் கட்டுரை பகுப்பது அதையல்ல என்று இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டு மேலே போகலாம். இந்த இரண்டு வாக்கியம் இல்லாததால்தான் பல கட்டுரைகள் ஒரு பக்கத்தில் பறிக்க முடியாதது என்றும் அடுத்த பக்கத்தில் பறிபோனது என்றும் எழுதி மாட்டிக்கொள்கின்றன.

எல்லையையும் சுருக்குங்கள். சாகும் தறுவாயில் உள்ளவர், பிரசவ அறையில் இருப்பவர், மனநல வார்டில் இருப்பவர், முதியோர் இல்லத்தில் இருப்பவர் எல்லோரையும் ஒரே கட்டுரையில் அடக்கினால் பண்புகள் நீர்த்துப்போகும். இங்கே நான் எடுத்துக்கொள்வது, பொது மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்திருக்கும் பெரியவர்களின் உடல்சார் பராமரிப்பு: பெட்பேன், ஸ்பாஞ்ச் பாத், கதீட்டர், டிரெஸ்ஸிங்.

இரண்டாம் படியான நோக்கத்தில் ‘கண்ணியத்தின் முக்கியத்துவத்தை உணர்த்துவது’ என்று எழுதினால் அது நோக்கமே ஆகாது. 2003-இல் ரூத் மேக்ளின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கண்ணியம் பயனற்ற கருத்தாக்கம் என்று வாதிட்டார். மனிதரை மதிப்பது, அவர் தன்னாட்சியை மதிப்பது என்பதைத் தாண்டி அந்தச் சொல் எதையும் தருவதில்லை என்பது அவர் கட்சி. அதையே நோக்கமாகத் திருப்பிப் போடலாம்: உடல்சார் பராமரிப்பில் கண்ணியம், சம்மதம் பெறுவதிலிருந்தும் தனிமை தருவதிலிருந்தும் எங்கே வேறுபடுகிறது என்று காட்டுவது. இப்படி வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

தேடும்போது

மூன்றாம் படியை நர்சிங் கட்டுரைகளோடு நிறுத்தக் கூடாது. சட்டம், தத்துவம், அன்றாடப் பேச்சு எல்லாவற்றிலும் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் எழுதுபவருக்குச் சட்டப் பக்கம் வளமான நிலம். அரசியலமைப்பின் முகப்புரையே தனிமனிதரின் கண்ணியத்தைச் சொல்கிறது. 1981-இல் ஃபிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் உறுப்பின் வாழ்வுரிமை என்பது மனிதக் கண்ணியத்தோடு வாழும் உரிமை என்றது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 20-ஆம் பிரிவு கண்ணியத்தோடு வாழும் உரிமையை நேரடியாகத் தருகிறது. 2018-இல் காமன் காஸ் வழக்கு அதைக் கண்ணியத்தோடு இறப்பது வரை கொண்டுபோனது.

அந்தக் கடைசிப் பயன்பாடு தேடலைக் குழப்பிவிடும். வெறும் ‘டிக்னிட்டி’ என்று பப்மெடில் போட்டால் அமெரிக்க ஆரெகன் மாநிலத்தின் மரண உதவிச் சட்டம் பற்றிய கட்டுரைகள் கொட்டும், ஏனென்றால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கண்ணியம் இருக்கிறது. எனவே இரண்டு தேடல் வையுங்கள். முதலாவது அகலமானது, சொல்லின் எல்லாப் பயன்பாட்டுக்கும். இரண்டாவது குறுகியது, பண்புகளைத் திரட்ட:

```
dignity[Title] AND nurs*[Title/Abstract]
AND (hospital*[Title/Abstract] OR inpatient*[Title/Abstract])
NOT "death with dignity"[Title]
```

விலக்கும் வரி இரண்டாம் தேடலில் மட்டும் இருக்கட்டும். முதல் தேடலிலும் போட்டால் சொல்லின் ஒரு முக்கியப் பயன்பாட்டையே கண்ணில் படாமல் தள்ளிவிட்டதாக ஆகும். எந்த நாளில், எந்தத் தளத்தில், எத்தனை கிடைத்து எத்தனை எடுத்தீர்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

பண்புகளைப் பிரித்தெடுப்பது

படிக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் கண்ணியத்தை விவரிக்கும் சொற்களை ஒரு தாளில் இறக்கிக்கொண்டே போங்கள். மரியாதை, தனிமை, தன்னாட்சி, தன்மதிப்பு, கருணை, நல்ல தகவல்தொடர்பு, நம்பிக்கை, திருப்தி, போதிய ஊழியர்கள், உடல் மறைக்கப்படுதல், பெயர் சொல்லி அழைத்தல், தேர்வு செய்யும் வாய்ப்பு. இருபது, முப்பது சேர்ந்துவிடும். அடிக்கடி வருவதை எடுத்து மேலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்கடி வருவது ஒரு துப்பு மட்டுமே, திருப்தியும்தான் அடிக்கடி வருகிறது.

ஒவ்வொரு சொல்லிடமும் கேட்க வேண்டிய கேள்வி, இது கண்ணியம் காக்கப்படுவதற்கு முன்னால் இருப்பதா, அந்த நேரத்தில் அதற்குள்ளேயே இருப்பதா, அதன் பிறகு வருவதா என்பது. கருணை நர்ஸின் மனதில் முன்னமே இருக்கிறது. கருணை மிகுந்த நர்ஸும் அவசரத்தில் ஸ்க்ரீன் இழுக்காமல் போகலாம், கருணையே இல்லாதவர் பழக்கத்தால் எல்லாவற்றையும் சரியாகச் செய்யலாம். ஆகவே அது முன்நிலைப் பக்கம் போகட்டும். போதிய ஊழியர்கள் என்பதும் அப்படியே. திருப்தியும் நம்பிக்கையும் பிறகு வருபவை. மரியாதை கிட்டத்தட்ட அதே பொருள் தரும் சொல், அதைப் பண்பாக வைத்தால் வட்டமடிப்போம். மரியாதை என்று அந்தக் கட்டுரை எதைச் சொல்கிறது, பெயர் சொல்லி அழைத்ததையா, கேட்டுச் செய்ததையா, என்று ஒரு படி இறங்கிப் பார்த்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கலானது தன்மதிப்பு. பல கட்டுரைகள் அதைப் பண்பாகவே வைக்கின்றன: நோயாளி தன்னை மதிப்புள்ளவராக உணர்கிறார். இதை ஏற்றால் வென்டிலேட்டரில் நினைவின்றிக் கிடப்பவருக்கும் முற்றிய மறதி நோய் உள்ளவருக்கும் கண்ணியம் பொருந்தாமல் போகும். உணர முடியாதவரை எப்படி நடத்தினாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அந்தப் பண்பு நம்மைக் கொண்டுபோய் விடும். எந்த நர்ஸும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆகவே தன்மதிப்பை விளைவுப் பக்கம் நகர்த்துகிறேன்.

இப்படி அரித்தெடுத்தால் என் கணக்கில் மூன்று மிஞ்சுகின்றன. முதலாவது, பெயரும் வாழ்க்கையும் உள்ள இன்ன ஆள் என்று அறிந்து நடத்துவது. இரண்டாவது, உடலின் எல்லை காக்கப்படுவது. அதாவது தேவையான பாகம் மட்டும், தேவையான நேரம் மட்டும், தேவையானவர்கள் முன்னால் மட்டும் உடல் வெளிப்படுவது. மூன்றாவது, நடக்கப்போவதை முன்னதாகச் சொல்வதும் அவருடைய விருப்பத்துக்குச் செயலை மாற்றும் சக்தி இருப்பதும். பேச முடியாதவரானால் முன்பு அவர் சொன்னதோ வீட்டார் அறிந்ததோ அந்த விருப்பத்தின் இடத்தில் நிற்கும். மூன்று என்பது குறைவு என்று பயப்பட வேண்டாம். ஏழெட்டுப் பண்புகள் வந்திருந்தால் பெரும்பாலும் முன்நிலைகளும் விளைவுகளும் உள்ளே நுழைந்திருக்கின்றன என்று பொருள்.

நிகழ்வுகள்

மாதிரி நிகழ்வில் மூன்று பண்பும் இருக்க வேண்டும், வேறு எதுவும் அதைத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரை நோயாளியாக வைத்தால் பதவியால் வரும் கண்ணியம் உள்ளே வந்துவிடும், எது வேலை செய்கிறது என்று பிரிக்க முடியாது. இப்படி எழுதலாம்:

முத்தம்மாள், வயது 68, பூக்கட்டி விற்பவர். இடது இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், பொது வார்டு. அட்மிஷன் அன்றே “என்னைப் பூக்காரம்மான்னே கூப்பிடுங்க சிஸ்டர், ஊரே அப்படித்தான் கூப்பிடும்” என்று சொல்லியிருக்கிறார். பார்வையாளர் நேரத்தில் அவர் பெட்பேன் கேட்கிறார். “ரெண்டே நிமிஷம் பூக்காரம்மா, ஸ்க்ரீன் இழுத்துட்டு வந்துடறேன்” என்று நர்ஸ் பக்கத்துப் படுக்கைக்காரர்களைச் சற்று நகரச் சொல்கிறார். “மருமகளைக் கூப்பிடட்டுமா, நானே வைக்கட்டுமா?” “அவ வேணாம், நீங்களே வையுங்க.” மருமகள் ஸ்க்ரீனுக்கு வெளியே நிற்கிறார். இடுப்பு முதல் முழங்கால் வரை போர்வை விலகாமல், தட்டையான ஃப்ராக்சர் பெட்பேனை அறுவை செய்யாத பக்கத்திலிருந்து எப்படி நுழைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நுழைக்கிறார். “வெளியிலதான் நிக்கிறேன், முடிஞ்சதும் ஒரு குரல் கொடுங்க.” முடிந்ததும் போர்வைக்குள்ளேயே சுத்தம் செய்து, கை கழுவத் தண்ணீர் தருகிறார்.

இங்கேயே நிறுத்த வேண்டும். முத்தம்மாள் கண்கலங்கி நன்றி சொல்வதாகவோ சீக்கிரம் குணமாகி வீடு திரும்புவதாகவோ எழுதினால் விளைவு மாதிரி நிகழ்வுக்குள் கசிந்துவிடும். எழுதிய பிறகு பண்புகளுக்கு எண் போட்டு, எந்த வாக்கியத்தில் எந்தப் பண்பு என்று அடுத்த பத்தியில் சுட்டுங்கள். எண் விழாத வாக்கியம் இருந்தால் அது அலங்காரமா, அல்லது நீங்கள் கவனிக்காத நான்காம் பண்பா என்று யோசியுங்கள்.

எல்லைநிகழ்வுக்கு அதே முத்தம்மாளை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். நர்ஸ் பெயர் சொல்கிறார், கேட்டுச் செய்கிறார், ஆனால் மூன்று மடிப்பு ஸ்க்ரீனில் ஒரு மடிப்புக்குத் துணி இல்லை, அந்த இடைவெளி நடைபாதையைப் பார்த்திருக்கிறது. கண்ணியம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை, இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. புதிய ஆளை, புதிய நோயை வைத்து எழுதினால் வேறுபாடு எதனால் வந்தது என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

தொடர்புடைய நிகழ்வில்தான் மேக்ளினுக்குப் பதில் இருக்கிறது. ஹெர்னியா அறுவைக்கு வந்த 45 வயது ஆண். அபாயங்கள், மயக்க மருந்து வகை எல்லாம் அவர் மொழியில் விளக்கப்பட்டன, கேள்வி கேட்டார், யோசிக்க நேரம் கேட்டுப் பெற்றார், கையெழுத்திட்டார். தன்னாட்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முதுகுப் பக்கம் திறந்த கவுனோடு, போர்வை இல்லாமல், புறநோயாளிகள் வரிசை கட்டி நிற்கும் நடைபாதை வழியாக ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போகப்படுகிறார். “அடுத்த ஹெர்னியா வந்தாச்சா?” என்று தியேட்டர் வாசலில் குரல். சம்மதத்தில் பழுதில்லை, ஆனால் முதல் இரண்டு பண்பும் இல்லை. தன்னாட்சியும் கண்ணியமும் ஒன்றல்ல என்பது விளக்கம் எதுவும் தேவைப்படாமலே தெரிகிறது.

எதிர்நிகழ்வில் பெரும்பாலானோர் கத்தும் நர்ஸை, அடிக்கும் ஆயாவைக் கொண்டுவருகிறார்கள். அது கொடுமை, அதற்குப் பகுப்பாய்வு தேவையில்லை. கூர்மையான எதிர்நிகழ்வு தொழில்நுட்பத்தில் குறையே இல்லாததாக இருக்க வேண்டும். ரவுண்ட்ஸ் நேரம். “பதினாலாம் பெட் கதீட்டர் மாத்தணும்.” மாணவர்கள் நான்கு பேர் சுற்றி நிற்கிறார்கள். புடவை இடுப்புக்கு மேல் உயர்த்தப்படுகிறது. ஸ்டெரைல் கையுறை, கிருமிநீக்கம், பலூனில் சரியான அளவு நீர், யூரோபேக் மூத்திரப்பைக்குத் தாழ்வாக, எல்லாம் பாடப்புத்தகப்படி. படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் திட்டவும் இல்லை. செக்லிஸ்டில் இந்தச் செயலுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும், மூன்று பண்பில் ஒன்றுகூட இல்லை. அன்பில்லாமை வேறு, கண்ணியமின்மை வேறு என்பதை இது பிரித்துக் காட்டுகிறது.

இன்னொன்றும் எழுதச் சொல்வேன், பண்புகள் தாங்குமா என்று பார்க்க. ஐசியூவில் நினைவில்லாத, நீண்ட தாடி வைத்த ஒரு பெரியவர். தாடியை மழிக்கச் சம்மதிக்க மாட்டார் என்று வீட்டார் சொல்கிறார்கள். பிளாஸ்டர் தாடியில் ஒட்டாது என்பதால் மூச்சுக்குழாயைப் பருத்தி நாடாவால் கட்டி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழாயின் சென்டிமீட்டர் அளவையும் நாடாவின் கீழ்த் தோலையும் சரிபார்க்கிறார்கள். புரட்டும்போது பெயர் சொல்லி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் புரட்டுகிறார்கள். அவர் எதையும் உணர்ந்தாரா என்பது தெரியாமலே மூன்று பண்பும் நிற்கின்றன. தன்மதிப்பை வெளியே எடுத்தது சரிதான் என்பதற்கு இதுவே சான்று.

புனைநிகழ்வும் முறையற்ற நிகழ்வும் விருப்பத்துக்கு விட்டவை. பிந்தையதற்கு, நர்ஸ்கள் கண்ணியமாக உடுத்த வேண்டும் என்ற யூனிஃபார்ம் விதி ஒரு வரியில் போதும். சொல் ஒன்று, பொருள் வேறு.

முன்னும் பின்னும், அளப்பதும்

நான்காம் படியில் ஒதுக்கி வைத்தவை ஏழாம் படியில் இடம் பிடிக்கின்றன. முன்நிலைகளில் பலர் மறப்பது நோயாளி பக்கத்து நிலை. பிறர் கையை நம்பியிருக்க வேண்டிய நிலையும் உடல் வெளிப்பட வேண்டிய தேவையும் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழாது, அதுவே முதல் முன்நிலை. அதோடு, பராமரிப்பவர் எதிரிலிருப்பவரை ஆளாகக் காணும் மனம், ஓடும் ஸ்க்ரீன், கிழியாத போர்வை, இரண்டு நிமிடம் நிற்க முடிகிற வேலைப்பளு. ஊழியர் பற்றாக்குறை என்று எழுதாதீர்கள், அது தடை. போதிய ஆள் இருப்பதுதான் முன்நிலை.

விளைவுகளில் நம்பிக்கை, தன்மதிப்பு என்று பொதுவாக விட்டுவிடாமல் வார்டில் தெரியும் ஒன்றைத் தொடர்ந்து போங்கள். பெட்பேன் கேட்கக் கூசும் நோயாளி தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், மலத்தை அடக்குவார். சிறுநீர் அடர்த்தியாகும், மலச்சிக்கல் வரும், இடுப்பு அறுவை முடிந்த மூதாட்டிக்கு அது மனக்குழப்பம் வரைக்கும் போகலாம். தயக்கமில்லாமல் கேட்பவரின் உட்கொள்ளல்–வெளியேற்றச் சார்ட்டிலேயே வேறுபாடு தெரியும்.

கடைசிப் படியில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, ஏதாவது ஒரு ஸ்கேலின் பெயரை எழுதிவிட்டு முடிப்பது. சோச்சினோவ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட நோயாளி கண்ணியப் பட்டியலைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். அதில் 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 3-உம் அதற்கு மேலும் என்றால் பிரச்சினை. நல்ல கருவி, ஆனால் உயிராபத்தான நோயுள்ளவர்களுக்காக உருவானது, அளப்பதும் கண்ணியம் தொடர்பான மன உளைச்சலை. தனிமை குறைந்துவிட்டது, மதிப்போடு நடத்தப்படவில்லை, வாழ்க்கை என் கட்டுப்பாட்டில் இல்லை என்ற கூற்றுகள் நம் மூன்று பண்புகளுக்குப் பக்கத்தில் வருகின்றன. உடல் உபாதை, மனச்சோர்வு, தெளிவாகச் சிந்திக்க முடியாமை பற்றிய கூற்றுகள் வருவதில்லை. மொத்த மதிப்பெண்ணை எடுத்தால் நீங்கள் வரையறுக்காத ஒன்றை அளப்பீர்கள். அதோடு நினைவில்லாதவர் அதை நிரப்ப முடியாது.

ஆகவே ஒவ்வொரு பண்புக்கும் நேரில் பார்க்கக்கூடிய ஒரு குறியைச் சொல்வது நல்லது. முதல் பண்புக்கு, நோயாளி விரும்பும் அழைப்புப் பெயர் கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்கிறதா, ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது பெட் நம்பருக்கு முன்னால் அது சொல்லப்படுகிறதா. இரண்டாவதற்கு, துணியை விலக்கும் முன் ஸ்க்ரீன் மூடப்பட்டதா, அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களில் வேலை இல்லாதவர் எத்தனை பேர். மூன்றாவதற்கு, தொடும் முன் சொன்னார்களா, நோயாளி ‘இப்ப வேணாம்’ என்றபோது ஏதாவது மாறியதா. இந்தக் கடைசிக் குறியைக் கவனமாகக் கையாளுங்கள். வேணாம் என்றே யாரும் சொல்லாத வார்டில் அது பூஜ்யமாக வரும். அங்கே எல்லோரும் கேட்டுத்தான் செய்கிறார்கள் என்றும் இருக்கலாம், வேணாம் என்று சொல்லியும் பயனில்லை என்று நோயாளிகள் முன்பே தெரிந்துகொண்டார்கள் என்றும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் நோயாளியிடம் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தப் படியிலேயே எழுதுங்கள்.